பால் ஆடு: வீட்டுக்கு எவ்வளவு பால் வரும், மொச்சை மணம் எங்கிருந்து வருகிறது?

(மீள்குடியேறிய குடும்பங்களுக்கான வாழ்வாதாரக் கூட்டத்தில் கால்நடைப் போதனாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



இந்தக் கூட்டத்துக்கு வந்திருப்பவர்களில் சிலருக்கு ஏற்கெனவே ஆடு கிடைத்துவிட்டது. சிலர் பட்டியலில் பெயர் கொடுத்துவிட்டு இருக்கிறீர்கள். ஆட்டை இறைச்சிக்கு விற்பது பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இடம்பெயர முன்னர் உங்கள் வளவுகளில் ஆடு நின்றது. இன்று நான் பேசப்போவது பாலைப் பற்றி மட்டும்தான்.

போன வருடம் மீள்குடியேறிய ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். ஒரு தாய் தன் ஆட்டை விற்க ஆள் தேடிக்கொண்டிருந்தா. நல்ல ஆடு, இரண்டு குட்டியோடு நின்றது. ஏன் அம்மா விற்கிறீர்கள் என்று கேட்டேன். "பால் கறக்குது தம்பி. ஆனா பிள்ளையள் வாயில வைக்குதுகள் இல்லை. ஒரே மொச்சை" என்றா. கொட்டிலுக்குள் போய்ப் பார்த்தேன். அதே கொட்டிலில், ஆட்டுக்குப் பக்கத்துக் கப்பில், ஒரு கிடாய் கட்டியிருந்தது. காரணத்தில் பாதி அங்கேயே நின்றது. மற்றப் பாதி குசினியில் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் எந்த ஆடு, எவ்வளவு பால் என்ற கணக்கைப் பார்ப்போம்.

எந்த ஆடு?

எங்கள் நாட்டு ஆடு வெயிலையும் வரட்சியையும் தாங்கும், கிடைத்த குழையைத் தின்னும். ஆனால் அதன் பால் பெரும்பாலும் குட்டிக்குத்தான் காணும். வீட்டுக்கு ஒரு தேநீர்க் கோப்பை அளவு, அதாவது 200 மில்லிலீற்றர் கிடைத்தால் நல்லது என்று நினையுங்கள்.

ஜமுனாபாரி இந்தியாவின் உத்தரப் பிரதேசத்து ஆடு. நீண்டு தொங்கும் காது, வளைந்த மூக்கு, உயரமான கால். நன்றாகத் தீன் போட்டால் நாளுக்கு ஒரு லீற்றருக்குக் கிட்டக் கறக்கும், சிலது அதற்கு மேலும் கறக்கும். எங்கள் வரண்ட பிரதேசத்துக்கு நான் சொல்வது ஜமுனாபாரிக் கிடாய்க்கும் நாட்டு ஆட்டுக்கும் பிறந்த கலப்பு மறியை. பாலும் கொஞ்சம் கூட, உடம்பும் தாங்கும்.

சானன் என்ற வெள்ளை ஆடு சுவிற்சர்லாந்தில் இருந்து வந்தது. குளிர்ப் பிரதேசத்தில் மூன்று லீற்றர் கறக்கும் என்பது உண்மைதான். அந்தக் கணக்கை வைத்து இங்கே வாங்காதீர்கள். எங்கள் வெயிலில் அது இளைக்கும், தீன் குறையும், பாலும் குறையும். போயர் ஆடு இறைச்சிக்கு உரியது. பாலுக்கென்று யாராவது விற்றால் வாங்க வேண்டாம்.

இனத்தின் பெயரைவிட மடியைப் பாருங்கள். கறந்த பிறகு நல்ல மடி தோல்பை போலச் சுருங்கும். கறந்த பிறகும் கட்டியாக நின்றால் அது பால் அல்ல, சதை அல்லது பழைய நோய். விற்பவரை உங்கள் முன்னால் கறந்து காட்டச் சொல்லுங்கள். இரண்டு காம்பிலும் பால் வருகிறதா என்று பாருங்கள்.

ஒரு வீட்டுக் கணக்கு

இரண்டு கலப்பு மறிகள் உள்ள ஒரு வீட்டை எடுப்போம். முதல் ஆடு தை மாதம் குட்டி போடுகிறது. முதல் நான்கைந்து நாள் வரும் கடும்புப்பால் முழுவதும் குட்டிக்கே. பிறந்து ஒரு மணித்தியாலத்துக்குள் குட்டி அதைக் குடிக்க வேண்டும். பிறகும் இரண்டு கிழமை வரை பாலைக் குட்டிக்கே விடுங்கள். அவசரப்பட்டுக் கறந்தால் குட்டி நோஞ்சானாகும்.

மூன்றாம் கிழமையில் இருந்து ஒரு முறையைப் பழக்குங்கள். பின்னேரம் பொழுதுபட்டதும் குட்டிகளைத் தனியே அடையுங்கள். தாயின் குரல் கேட்கலாம், ஊட்ட மட்டும் முடியாது. இரவு சுரக்கும் பாலை விடியக் கறந்து எடுங்கள். கடைசிக் கொஞ்சத்தை மடியில் விட்டுவிட்டுக் குட்டியை அவிழ்த்து விடுங்கள். பகல் முழுவதும் குட்டி தாயோடு நிற்கும். இப்படிச் செய்தால் வீட்டுக்கும் பால், குட்டிக்கும் பால்.

தொடக்கத்தில் விடிய 500 மில்லிலீற்றர் வரலாம். மூன்றாம் நான்காம் மாதம் குறையத் தொடங்கும். ஐந்தாம் மாதம் 300க்கு வந்துவிடும். சராசரி 400 என்று வைத்தால், 150 நாளுக்கு 60 லீற்றர். எங்கள் கணக்கில் 80 போத்தல். அதாவது நாளுக்கு அரைப் போத்தலும் கொஞ்சமும். ஒரு வீட்டுப் பிள்ளைகளின் தேநீருக்கு அது காணும். அதை விற்றுக் கடன் கட்டலாம் என்று திட்டம் போடாதீர்கள்.

இரண்டு ஆடும் ஒரே மாதத்தில் குட்டி போட்டால் அரை வருடம் பால், அரை வருடம் வெறும் செம்பு. ஆட்டின் சினைக்காலம் ஐந்து மாதம். ஆகவே ஒன்றை ஆவணியில் கிடாய்க்கு விட்டால் தையில் குட்டி. மற்றதைத் தை கடைசியில் விட்டால் ஆனியில் குட்டி. ஒன்றின் பால் வற்றும்போது மற்றது தொடங்கும். வேட்கை 21 நாளுக்கு ஒருமுறை வரும். வால் ஆட்டும், ஓயாமல் கத்தும், தீன் குறையும். ஒன்று இரண்டு நாளுக்குள் கிடாயிடம் கொண்டு போக வேண்டும்.

இந்தப் பாலுக்குத் தீன் வேண்டும். ஒரு மறிக்கு நாளுக்கு நான்கைந்து கிலோ பச்சைக் குழை போடுங்கள். கிளிசரியா, முள்முருக்கு, பலா, பூவரசு எல்லாம் நல்லது. இப்பில் இப்பிலை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போட வேண்டாம். மரவள்ளி இலையைப் பச்சையாகப் போட்டால் ஆடு சாகவும் கூடும். கறக்கும் ஆட்டுக்குக் கால் கிலோ அளவில் தவிடும் பிண்ணாக்கும் கலந்து கொடுங்கள். தண்ணீர் எந்நேரமும் முன்னால் இருக்க வேண்டும். தண்ணீர் குறைந்த அன்றே பால் குறையும்.

ஒன்றை மறக்க வேண்டாம். குழை வெட்டவோ, தப்பிய ஆட்டைத் தேடவோ, மிதிவெடி அகற்றப்படாத காணிக்குள் கால் வைக்காதீர்கள். சிவப்பு மண்டையோட்டுப் பலகைக்கு அப்பால் போன ஆடு தானே திரும்பி வரட்டும். பிள்ளைகளையும் அனுப்பாதீர்கள். வேலியோரம் கிளிசரியாக் கதியால் நட்டுவிட்டால் வெளியே போகும் தேவை குறையும்.

மொச்சை எங்கே தொடங்குகிறது?

ஆட்டுப்பால் என்றால் மொச்சைதான் என்று பலர் நினைக்கிறார்கள். சுத்தமாகக் கறந்த புதுப்பாலில் அப்படி ஒரு மணம் இல்லை. அது எங்கே ஏறுகிறது என்று கண்டுபிடிக்க ஒரு சின்னப் பரீட்சை இருக்கிறது.

சுடுநீரில் கழுவிக் காய வைத்த கண்ணாடிக் கோப்பையில் கொஞ்சம் பால் கறந்து, கொட்டிலுக்கு வெளியே கொண்டு வந்து உடனே மணந்து பாருங்கள், ருசித்தும் பாருங்கள். (விழுங்காமல் துப்பிவிடுங்கள், பச்சைப்பாலால் காய்ச்சல் நோய்கள் வரும்.) அப்போதே மொச்சை இருந்தால் குறை ஆட்டிலோ, தீனிலோ, கிடாயிலோ இருக்கிறது. அப்போது இல்லாமல் இரண்டு மணித்தியாலம் கழித்து வந்தால் குறை உங்கள் கையிலும் பாத்திரத்திலும் இருக்கிறது.

உடனே மணந்தால், முதலில் கிடாயைப் பாருங்கள். கிடாய்க்குக் கொம்பின் அடியில் மணச் சுரப்பி இருக்கிறது. வேட்கைக் காலத்தில் தன் தாடியிலும் முன்னங்காலிலும் தானே சிறுநீர் பெய்துகொள்ளும். அதோடு உரசும் மறியின் மயிரிலும், கிடாயைப் பிடித்த உங்கள் கையிலும் சாரத்திலும் அந்த மணம் ஒட்டும். அங்கிருந்து பாலுக்கு வரும். இரண்டு மறி வைத்திருக்கிற வீட்டுக்குச் சொந்தக் கிடாய் தேவையில்லை. ஊரில் ஒரு கிடாய் போதும். வைத்திருந்தால் காற்று மறிப்பக்கம் அடிக்காத மூலையில், வளவின் மறு அந்தத்தில் கட்டுங்கள்.

அடுத்தது தீன். வேப்பங்குழை, வெங்காயத்தாள் போன்றவற்றைக் கறக்க முன்னர் தின்றால் பாலில் கசப்பும் மணமும் வரும். அவற்றைக் கறந்த பிறகு, பகலில் கொடுங்கள்.

மூன்றாவது மடிநோய். முதல் இரண்டு மூன்று பீச்சலை ஒரு கறுப்புச் சிரட்டையில் பீச்சிப் பாருங்கள். திரி திரியாக வந்தாலோ, பால் உப்புக் கரித்தாலோ, மடியின் ஒரு பக்கம் சூடாக இருந்தாலோ அந்தப் பாலை எடுக்க வேண்டாம். கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள். ஊசி போட்டால் அவர் சொல்லும் நாள் வரை பாலைக் குடிக்கக் கூடாது.

பிந்தி மணந்தால், கறக்கும் முறையைத் திருத்த வேண்டும். மடியைச் சுற்றியுள்ள மயிரை வெட்டிவிடுங்கள். கொட்டிலைக் கூட்டிய உடனே கறக்காதீர்கள், தூசி அடங்கட்டும். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். மடியை இளஞ்சூட்டு நீரில் நனைத்த துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். சில்வர்ப் பாத்திரத்தில் கறவுங்கள். பிளாஸ்ரிக் வாளியும் பழைய சோடாப் போத்தலும் எவ்வளவு கழுவினாலும் பழைய மணத்தை விடாது.

கறந்ததும் அவித்துக் காயவைத்த வெள்ளைத் துணியில் வடியுங்கள். ஆட்டுப்பாலின் கொழுப்பில் மணம் தரும் அமிலங்கள் அடைபட்டிருக்கின்றன. பால் சூட்டோடு நின்றாலும், குலுங்கினாலும் கொழுப்பு உடைந்து அவை வெளியே வரும். கிருமியும் பெருகும். ஆகவே உடனே காய்ச்சுங்கள். அது முடியாவிட்டால் பால் பாத்திரத்தைக் கிணற்றுத் தண்ணீர் நிரப்பிய மண்சட்டியில், பால் மட்டத்துக்குத் தண்ணீர் நிற்கும்படி வைத்து, தண்ணீரை ஒருமுறை மாற்றுங்கள். அரை மணித்தியாலத்துக்குள் அடுப்பில் ஏறிவிட வேண்டும். பொங்கி வந்த பிறகும் சில நிமிடம் துழாவிக் காய்ச்சுங்கள். நேற்றைய பாலோடு இன்றைய பாலைக் கலக்க வேண்டாம். பாத்திரத்தை முதலில் பச்சைத் தண்ணீரிலும், பிறகு சவர்க்காரமும் சுடுநீரும் கொண்டும் கழுவி, வெயிலில் கவிழ்த்து வையுங்கள்.

அந்தத் தாயின் வீட்டுக் கதையை முடிக்கிறேன். பரீட்சையைச் செய்து பார்த்தோம். கோப்பைப் பால் உடனேயே மணந்தது. கிடாயை வளவின் மறு மூலைக்கு மாற்றி, ஆட்டின் மயிரைக் கழுவச் சொன்னேன். அடுத்த கிழமை போனபோது புதுப்பால் மணக்கவில்லை. ஆனால் மத்தியானம் காய்ச்சிய பால் இன்னும் மணந்தது. விடிய ஆறு மணிக்குக் கறந்த பால், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் வரும்வரை பிளாஸ்ரிக் போத்தலில் குசினிக்குள் காத்திருந்தது. அதுதான் மற்றப் பாதி. கறந்த கையோடு காய்ச்சி, பள்ளிக்கூடம் போக முன்னரே பிள்ளைகளுக்குக் கொடுக்கத் தொடங்கினா. ஆட்டை அவ விற்கவில்லை.

கடைசியாக ஒன்று. ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் தாய்ப்பாலுக்குப் பதிலாக ஆட்டுப்பால் கொடுக்காதீர்கள். அதில் குழந்தைக்கு வேண்டிய போலிக் அமிலம் மிகக் குறைவு. தாய்ப்பால் போதாத குழந்தையைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டுங்கள்.

இன்று வீட்டுக்குப் போனதும் அந்தக் கோப்பைப் பரீட்சையைச் செய்து பாருங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கள் பால் எப்போது மணந்தது என்று சொல்லுங்கள், அங்கிருந்து பேசுவோம்.