மிக்ஸி ஜாரில் ஓடும் வெள்ளைக் கோடு

கடை விளம்பரத்தில் வரும் மிக்ஸி படத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். எவர்சில்வர் ஜாரில் மேலிருந்து கீழாக ஒரு வெள்ளைக் கோடு பளிச்சென்று ஓடும். கைரேகை ஒன்றுகூட இருக்காது. பின்னால் ஆளும் அடுப்புமாகப் பரபரப்பான அடுக்களை மங்கலாகத் தெரியும். அந்தக் கோட்டின் கதைதான் இன்றைக்கு.

1963. சத்ய பிரகாஷ் மாத்தூர் என்ற பொறியாளரின் வீட்டில் இருந்த வெளிநாட்டு மிக்ஸி நம் ஊர் அரவைக்குத் தாங்கவில்லை. அவரே வலுவான மோட்டார் வைத்து ஒன்றை உருவாக்கினார். அதுதான் ‘சுமீத்’. மிக்ஸி வீடு வீடாகப் பரவப் பரவ, எவர்சில்வர் ஜாரைப் படம் பிடிக்கும் வேலையும் கூடியது.

அதில்தான் சிக்கல். ஜார் ஒரு வளைந்த கண்ணாடி. எதிரே இருக்கும் விளக்கு, கேமரா, படம் எடுப்பவரின் சட்டை எல்லாம் அதில் தெரியும். ஆகவே ஜாரைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டி, அதற்கு வெளியிலிருந்து விளக்கு போடுவார்கள். துணியில் சின்னத் துளை விட்டு, அதன் வழியே படம் எடுப்பார்கள். இப்போது ஜாரில் தெரிவது அந்தத் துணிதான். வெள்ளைக் கோடு என்பது துணியில் விளக்கு விழுந்த இடம். முழுக்க வெளுத்துப் போனால் ஜார் தட்டையாகத் தெரியும் என்பதால், இரு ஓரத்திலும் கறுப்பு அட்டை வைப்பார்கள். ஜாரைத் தொடுவது பருத்திக் கையுறையோடுதான்.

அந்தக் காலத்து அச்சில் மெல்லிய சாயல்கள் புள்ளிகளுக்குள் கரைந்துபோகும். அதனால் அச்சுக்கு அனுப்பும் முன்பே புகைப்படத்தின் மேல் காற்றுத் தூரிகையால் வெள்ளைச் சாயம் தெளித்துக் கோட்டை அழுத்தமாக்கினார்கள். கறையை மறைத்ததும் அதே சாயம்தான்.

1990இல் போட்டோஷாப் வந்தது. 1994இல் அதன் மூன்றாம் பதிப்பில் ‘லேயர்’ வசதி சேர்ந்தது. ஸ்டுடியோவில் எடுத்த மிக்ஸியை, வேறெங்கோ எடுத்த அடுக்களையின் முன்னால் கொண்டுவந்து உட்கார வைப்பது சுலபமானது.

ஆனால் ஒட்டுவேலை ஒரு இடத்தில் மாட்டிக்கொள்ளும். ஜாரின் நடுப்பகுதி கேமரா பக்கத்தைத்தான் காட்டும். பின்னால் இருக்கும் அடுக்களை அங்கே தெரியாது. ஓரத்துக்குப் போகப் போக வளைவு திரும்பி, பின்னால் இருப்பதைப் பிடிக்கும். அடுக்களையில் மஞ்சள் விளக்கு எரிகிறது, ஜாரின் ஓரமோ ஸ்டுடியோவின் வெளிர் சாம்பலாக இருக்கிறது என்றால், வெட்டி ஒட்டிய படம் என்று புரிந்துவிடும். ஜன்னல் இடப்பக்கம் இருக்க, கோடு வலப்பக்கம் ஓடினாலும் அப்படித்தான்.

விவரம் தெரிந்தவர்கள் இதற்குச் செய்வது எளிது. ஜாரைப் படம் எடுக்கும்போதே, அடுக்களையின் நிறத்தில் இரண்டு அட்டைகளைப் பின்பக்கம் இருபுறமும் நிறுத்திவிடுவார்கள். ஓரம் தானாக நிறம் பிடித்துக்கொள்ளும். பிறகு சாயம் பூசித் திருத்த வேண்டியதில்லை.