குளிர்பானத்தில் பென்சீன்: பயப்பட வேண்டுமா?

இஃப்தாருக்கு வாங்கும் குளிர்பானத்தில் புற்றுநோய் விஷம் இருக்கிறது என்று கைபேசியில் ஒரு தகவல் சுற்றுகிறது. தாய்மார்கள் கேட்டதால் சொல்கிறேன்.

பானம் கெடாமலிருக்க சோடியம் பென்சோயேட் சேர்க்கிறார்கள். அதே பாட்டிலில் வைட்டமின் சி-யும் இருந்தால், இரண்டும் வினைபுரிந்து மிகச் சிறிதளவு பென்சீன் உண்டாகலாம். பென்சீன் இரத்தப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்பது உண்மைதான். ஆனால் அளவைப் பார்க்க வேண்டும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2005 முதல் 2007 வரை சுமார் 200 பானங்களைச் சோதித்தது. அந்நாட்டில் குடிநீருக்கான வரம்பு நூறு கோடியில் 5 பங்கு. அதைத் தாண்டியவை மிகச் சிலவே. அவற்றின் செய்முறையையும் நிறுவனங்கள் மாற்றிவிட்டன. சிகரெட் புகைப்பவர் தினமும் உள்ளிழுக்கும் பென்சீன் இதைவிட மிக அதிகம். அதைப் பற்றி யாரும் தகவல் அனுப்புவதில்லை!

எப்போதாவது ஒரு டம்ளர் குடித்தால் பயமில்லை. கவனிக்க வேண்டியது வெயிலை. சூடும் வெளிச்சமும் பென்சீனைக் கூட்டும். லேபிளில் 211, 300 என்ற இரு எண்களும் இருந்தால், கடை வாசலில் வெயிலில் அடுக்கிய பாட்டிலை வாங்காதீர்கள். எலுமிச்சை, ஆரஞ்சுச் சாறு சேர்ந்த பானத்தில் 300 என்று போடாமலும் வைட்டமின் சி இருக்கும். வீட்டுக்கு வந்தபின் ஃப்ரிட்ஜில் வைத்தாலும், ஏற்கெனவே உண்டான பென்சீன் போகாது.