ஆபரேஷனுக்கு முன் உபவாசம்
(கோலார் தங்கவயல் கிளைக் கூட்டத்தில் மயக்க மருந்து டாக்டர் ஒருவர் ஆற்றிய உரை)

நம் வீடுகளில் உபவாசம் என்றால் பாலும் பழமும் சாப்பிடலாம். ஆபரேஷனுக்கு முன் இருக்கும் உபவாசம் அப்படியல்ல. அதில் பால் கூடாது, தண்ணீர் குடிக்கலாம்.

காரணம் இதுதான். மயக்கத்தில் தொண்டையின் காவல் போய்விடுகிறது. வயிற்றில் இருப்பது மேலே வந்தால் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். பால் வயிற்று அமிலத்தில் திரிந்து கட்டியாகிவிடுவதால், அதையும் ஆகாரமாகவே கணக்கிடுகிறோம்.

2001ல் சுரங்கம் மூடியும், அங்கே உழைத்த பலரின் நுரையீரலில் கல்தூசி தங்கியிருக்கிறது. வேலையை விட்ட பிறகும் அந்த சிலிகோசிஸ் முற்றலாம். அப்படிப்பட்டவருக்கு வயிற்றுச் சரக்கும் உள்ளே போனால் ஆபத்து அதிகம். ஆகவே எத்தனை வருஷம் 'அண்டர்கிரவுண்டில்' இருந்தீர்கள் என்பதை டாக்டரிடம் அவசியம் சொல்லுங்கள்.

உதாரணமாக, ரிடயரான ஒரு மாமாவுக்குக் காலை 8 மணிக்கு ஹெர்னியா ஆபரேஷன் என்று வைத்துக்கொள்வோம். ரத்த அழுத்தம், சர்க்கரை இரண்டும் உண்டு. முதல் நாள் இரவு 8 மணிக்கு இட்லி சாப்பிடலாம். எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். லேசான ஆகாரத்துக்கும் பாலுக்கும் 6 மணி நேர இடைவெளி தேவை என்பதால், விடியற்காலை டிகிரி காபி கிடையாது. காலை 6 மணி வரை தண்ணீர் குடிக்கலாம். பால் சேர்க்காத காபி டிகாக்ஷனும் சரி. நாள்பட்ட சர்க்கரையால் வயிறு மெதுவாகக் காலியாகிறவர்களுக்கும், எடை குறைக்கும் வாராந்திர ஊசி போடுகிறவர்களுக்கும் டாக்டர் வேறு கணக்கு சொல்லக்கூடும்.

மருந்துக்கு வருவோம். அவர் அம்லோடிபின், அடெனலால், தைராய்டு மாத்திரைகளை 6 மணிக்கு ஒரு மடக்குத் தண்ணீருடன் போட்டுக்கொள்ளலாம். இன்ஹேலரை வழக்கம்போல் இழுக்க வேண்டும். மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு அன்று காலை வேண்டாம். வெறும் வயிற்றில் சர்க்கரை இறங்கிவிடக்கூடாது. டாபாகிளிஃப்ளோசினை 3 நாள் முன்பே நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் சர்க்கரை சரியாகக் காட்டும்போதே ரத்தத்தில் அமிலம் ஏறலாம். டெல்மிசார்டான் வகையை அன்று போடலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இருதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையைத் தாமாக நிறுத்தவே கூடாது.

"முதுகில் ஊசி போட்டால் ஆயுசுக்கும் முதுகுவலி" என்று மாமிகள் பயப்படுகிறார்கள். ஊசி மெல்லியது, தண்டுவடம் முடியும் இடத்துக்குக் கீழேதான் போடுகிறோம். குத்திய இடத்தில் சில நாள் வலி இருக்கலாம், அவ்வளவே. நுரையீரல் பலவீனமானவருக்குப் பல சமயம் இதுவே நல்ல வழி.

"கண் விழிக்காமல் போனால்?" என்பது அடுத்த பயம். முழு மயக்கம் கொடுத்தால், முடியும் வரை மூச்சு, நாடி, ஆக்ஸிஜன் அளவுகளை நாங்கள் பார்த்துக்கொண்டேயிருப்போம். மறைத்த விஷயத்திலிருந்தும் ஆபத்து வரலாம். சளியும் ஜுரமும் இருந்தால் சொல்லிவிடுங்கள். அவசரமில்லாத ஆபரேஷனைத் தள்ளிப்போடலாம். பழக்கதோஷத்தில் காபி குடித்துவிட்டாலும் சொல்லுங்கள். நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம், நேரத்தை மாற்றிக்கொள்வோம்.