குறியீட்டு ஆப்ஷன்களில் ஏட்டு டெல்டாவும் சந்தை டெல்டாவும்

நிஃப்டி நூறு புள்ளி ஏறினால் கையிலுள்ள கால் ஆப்ஷன் ஐம்பது ரூபாய் ஏறும் என்று திரையில் தெரியும் டெல்டா சொல்ல, உண்மையில் நாற்பத்தைந்து ரூபாய் மட்டுமே ஏறுவதைக் கண்டவர்கள் சூத்திரத்தையோ சந்தையையோ குறைகூறுவது வழக்கம். இரண்டிலும் பிழையில்லாமலே இந்த வேறுபாடு எழக்கூடும் என்பதே இவ்வுரையின் பொருள்.

1973-இல் வெளிவந்த பிளாக்–ஷோல்ஸ் சூத்திரம் தரும் டெல்டா, குறியீடு மட்டும் நகர்ந்து மற்றவை யாவும் அசையாதிருந்தால் ஆப்ஷன் விலை எவ்வளவு மாறும் என்பதையே கணக்கிடுகிறது. அசையாதவற்றுள் முதன்மையானது ஐ.வி., அதாவது ஆப்ஷனின் விலையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு எடுக்கப்படும் எதிர்பார்ப்பு ஏற்ற இறக்க அளவு. ஆனால் குறியீட்டு ஆப்ஷன்களில் கீழ் ஸ்டிரைக்குகளின் ஐ.வி. மிகுந்தும் மேல் ஸ்டிரைக்குகளின் ஐ.வி. குறைந்தும் இருக்கும். ஸ்க்யூ எனப்படும் இச்சரிவு 1987 அக்டோபர் வீழ்ச்சிக்குப் பின் அமெரிக்கச் சந்தையில் நிலைபெற்றது. வீழ்ச்சிக்குக் காப்பு தேடுவோர் புட் வாங்கக் கூடுதல் விலை தரத் தயங்காததே அதற்குப் பெருங்காரணம். ஆனி ஆடியில் கடற்கரையில் நிற்பவர் எவரும் காற்று மட்டும் வலுக்கும், அலை அப்படியே கிடக்கும் என்று கணக்கிடுவதில்லை. ஏட்டு டெல்டா அவ்வாறுதான் கணக்கிடுகிறது.

எடுத்துக்காட்டாக, நிஃப்டி 24,000-இல் நிற்க, முப்பது நாளில் முடியும் 24,000 ஸ்டிரைக்கின் ஐ.வி. 14 விழுக்காடு என்றும், வட்டி இல்லை என்றும், ஸ்டிரைக் நூறு புள்ளி இறங்குந்தோறும் ஐ.வி. 0.2 விழுக்காட்டுப் புள்ளி கூடுகிறது என்றும் கொள்ளலாம். புட்டின் ஏட்டு டெல்டா −0.49, ஐ.வி. ஒரு புள்ளி கூடினால் விலை ஏறும் அளவாகிய வேகா ஏறத்தாழ 27 ரூபாய். குறியீடு நூறு புள்ளி இறங்கும்போது இதே ஸ்டிரைக்கின் ஐ.வி. மாறாதிருந்தால் புட் ஏறத்தாழ 51 ரூபாய் ஏறும். பதற்றத்தில் அந்த ஐ.வி. 0.2 கூடினால் வேகாவின் வழியே ஐந்தரை ரூபாய் சேர்ந்து 57 ஆகும். ஸ்க்யூ முழுவதும் குறியீட்டோடு சேர்ந்து நகர்ந்தால், 24,000 இப்போது மேல் ஸ்டிரைக் ஆகிவிடுவதால் அதன் ஐ.வி. 0.2 குறைந்து, ஏற்றம் 46 ஆகச் சுருங்கும். ஒரே ஆப்ஷன், ஒரே நூறு புள்ளி, மூன்று விடைகள். இம்மூன்று நடத்தைகளையும் எமானுவேல் டெர்மன் 1999-இல் பிரித்துக் காட்டினார். எந்த நாளில் எது ஆளும் என்பதைச் சூத்திரம் சொல்லாது. கணக்கின் சாரம் இவ்வளவே:

```
Δ(சந்தை) ≈ Δ(ஏடு) + வேகா × (ஐ.வி. மாற்றம் ÷ குறியீட்டு மாற்றம்)
```

வேறுபாட்டுக்குக் காரணம் ஐ.வி.யின் நகர்வுதானா என்று அறிய ஒரு சோதனை உண்டு. ஒரே ஸ்டிரைக்கின் காலுக்கும் புட்டுக்கும் வேகா ஒன்றே ஆதலால், காலின் டெல்டா 0.51-இலிருந்து 0.45-க்கு இறங்கினால் புட்டின் டெல்டா −0.49-இலிருந்து −0.55-க்குச் செல்ல வேண்டும். இரண்டின் வித்தியாசம் ஒன்றாகவே நிற்கும். அது குலைந்தால் காரணம் வேறு: பழைய விலைப்பதிவாக இருக்கலாம், அல்லது அதே முடிவுத் தேதிக்குரிய ஃபியூச்சர் விலைக்குப் பதிலாகக் குறியீட்டு விலையையே கணக்கில் செலுத்தியிருக்கலாம். இந்தப் பின்னதை ஸ்க்யூவின் தலையில் கட்டுவது பரவலான தவறு.

தேசியப் பங்குச் சந்தையில் குறியீட்டு ஆப்ஷன் வணிகம் 2001 ஜூன் 4-இல் தொடங்கியது. சரியாக இருபத்து மூன்று ஆண்டுகள் கழித்து, மக்களவைத் தேர்தல் முடிவு வந்த 2024 ஜூன் 4-இல், நிஃப்டி 23,263.90-இலிருந்து 21,884.50-க்கு வீழ்ந்தது, இந்தியா விக்ஸ் 21-ஐ ஒட்டிய நிலையிலிருந்து 26-ஐத் தாண்டி முடிந்தது. மறுநாள் நிஃப்டி 22,620.35-க்கு மீள, விக்ஸ் 20-க்குக் கீழே சரிந்தது. அன்று கால் வைத்திருந்தோர் குறியீட்டில் பெற்றதில் ஒரு பகுதியை ஐ.வி.யில் இழந்தனர். எனினும் விக்ஸின் அச்சரிவு முழுவதையும் டெல்டாத் திருத்தத்துக்குள் அடக்குவது பொருந்தாது. தேர்தல் முடிவு தெரிந்துவிட்டதனால் நீங்கிய ஐயம், குறியீடு ஏறாமலே இருந்திருந்தாலும் ஐ.வி.யை இறக்கியிருக்கும். முடிவு வெளிவரும் நாள்களைத் தனியே ஒதுக்கிவிட்டே ஐ.வி.க்கும் குறியீட்டுக்கும் உள்ள விகிதத்தை அளக்க வேண்டும்.

எஸ் அண்ட் பி 500 ஆப்ஷன்களை ஆராய்ந்த ஜான் ஹல்லும் ஆலன் ஒயிட்டும் 2017-இல் இவ்விகிதத்தைச் சந்தைத் தரவிலிருந்தே மதிப்பிட்டு, காலுக்குரிய திருந்திய டெல்டா ஏட்டு டெல்டாவினும் குறைவு என்று காட்டினர். அந்த எண்களை நிஃப்டிக்கு அப்படியே பெயர்த்தெடுக்க இயலாது. எனினும் திருத்தத்தை விட்டுவிடவும் இயலாது: மேலே கண்ட கணக்கில் 16 விழுக்காடு ஐ.வி. கொண்ட 23,000 புட்டின் ஏட்டு டெல்டா −0.17, பதற்ற நடத்தையில் அது −0.21-ஐ நெருங்கும். அதை விற்றுவிட்டு ஏட்டு டெல்டாவின்படி ஃபியூச்சர் விற்றுக் காப்பிட்டவர், வீழ்ச்சியில் தமக்குத் தேவையான காப்பில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு இல்லாமலே நிற்பார்.