இன்னும் பதினைந்து நிமிடம் கேட்கலாமா?

(குறுவள மையக் கூட்டம் ஒன்றில் ஆசிரியர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தை நடத்துவது பற்றி எல்லோரும் நிறையப் பேசிவிட்டோம். நான் அதில் ஒரே ஒரு சிறு விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன். மூன்று மணிக்குத் தொடங்கி நாலரைக்கு முடியும் என்று சொல்லி அழைத்திருக்கிறோம். பேசும் பொருள் அந்த நேரத்துக்குள் அடங்கவில்லை. அல்லது அவ்வளவு நேரம் தேவைப்படவில்லை. அப்போது கூடுதல் நேரத்தையோ குறைந்த நேரத்தையோ யாரிடம், எப்போது, எப்படிக் கேட்பது?

முதலில், யாரிடம் கேட்பது? 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி இந்தக் குழுவில் குறைந்தது நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். தலைவரும் ஒரு பெற்றோர்தான். நமக்கு அது பணி நேரம். அவர்களுக்கு அது வேலையிலிருந்து பிய்த்து எடுத்த நேரம். மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கத்துப் பள்ளிகளில் பணிபுரிகிறவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். ஒரு அம்மா துணிக்கடையில் இடைவேளை கேட்டு வந்திருப்பார். இன்னொருவர் ஐந்து மணிக்கு ஒரு வீட்டில் அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும். ஆகவே நேரத்தை நீட்டுவதை ஆசிரியர் அறிவிக்க முடியாது. தலைவரிடம் கேட்க வேண்டும், அவர் உறுப்பினர்களைக் கேட்க வேண்டும்.

மக்களவையிலும் வழக்கம் இதுதான். எந்த மசோதாவுக்கு எவ்வளவு நேரம் என்று அலுவல் ஆய்வுக் குழு முன்கூட்டியே ஒதுக்கிவிடுகிறது. அது போதாதபோது சபாநாயகர் அவையின் கருத்தைக் கேட்டுத்தான் நீட்டிக்கிறார். 1876இல் ஹென்றி ராபர்ட் என்ற அமெரிக்க ராணுவப் பொறியாளர் கூட்ட நடைமுறைக்கு ஒரு கையேடு எழுதினார். இன்றும் பல நாடுகளில் அதைப் பின்பற்றுகிறார்கள். அந்த முறைப்படி விவாத நேரத்தை நீட்டுவதற்கும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். குறைப்பதற்கும் அதே அளவு வேண்டும். நீட்டினால் வந்திருப்பவர்களின் நேரம் போகிறது. குறைத்தால் பேச வேண்டியவரின் வாய்ப்பு போகிறது. இரண்டுமே பிறருடைய உரிமையைத் தொடுவதால் இரண்டுக்கும் ஒரே அளவுகோல்.

அடுத்து, எப்போது கேட்பது? எங்கள் பள்ளிக் கூட்டம் ஒன்றைச் சொல்கிறேன். மொத்தம் 90 நிமிடம். சென்ற கூட்டத்தின் முடிவுகளுக்கு 10, தொடர்ந்து வராத மாணவர்களுக்கு 20, தண்ணீர், கழிப்பறைக்கு 30, பள்ளி மேம்பாட்டுத் திட்டத்துக்கு 20, இதர பொருள்களுக்கு 10 என்று பிரித்திருந்தோம். தண்ணீர் பற்றிய பேச்சு நான்கு மணிக்கு முடிந்திருக்க வேண்டும். 4.05க்கும் முடியவில்லை. மதியத்துக்குமேல் கழிப்பறையில் தண்ணீர் வருவதில்லை என்று பெண் குழந்தைகளின் அம்மாக்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பேச்சு நீள்கிறது என்பதாலேயே நேரம் தேவை என்று பொருளல்ல. சொன்னதையே மூன்றாவது முறை சொல்கிறார்கள் என்றால் அங்கே குறைவது நேரமல்ல, தகவல். அதை விசாரித்துவர ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு அடுத்த பொருளுக்குப் போய்விடலாம். அன்று அப்படி இல்லை. மோட்டாரைக் காலையில் ஒருமுறைதான் போடுகிறார்கள், பன்னிரண்டரைக்கெல்லாம் மேல்தொட்டி காலியாகிவிடுகிறது என்று அப்போதுதான் ஒருவர் சொன்னார். தண்ணீர்ப் பஞ்சம் என்று பேசிக்கொண்டிருந்தது மோட்டார் போடும் நேரப் பிரச்சினையாக மாறியது. புதிய செய்தி வந்துகொண்டிருந்தால் அந்தப் பொருளுக்கு நேரம் கேட்பது நியாயம்.

நான் தலைவரிடம் சொன்னேன்: “அம்மா, தண்ணீர் விஷயத்துக்கு இன்னும் பதினைந்து நிமிஷம் வேணும். மோட்டாரை மதியம் யார் போடறதுன்னு முடிவு பண்ணிடலாம். மேம்பாட்டுத் திட்டத்தை அடுத்த மாசம் முதல் பொருளா வைக்கலாமா, இல்ல இன்னைக்கே நாலே முக்கால் வரைக்கும் உட்காரலாமா?”

அவர் எல்லோரையும் பார்த்து, “நாலரைக்கு யார் யார் கண்டிப்பா கிளம்பணும்? கூச்சப்படாம சொல்லுங்க” என்று கேட்டார். மூன்று கைகள் உயர்ந்தன. “அப்போ முடிவெல்லாம் நாலரைக்குள்ள எடுத்துடலாம் டீச்சர். எழுதற வேலைக்கு முடியறவங்க மட்டும் இருக்கட்டும்” என்றார்.

அப்படியே செய்தோம். 4.20க்குள், மதியம் பன்னிரண்டு மணிக்கு மோட்டாரை இரண்டாம் முறை போடுவது என்றும் அதற்குப் பொறுப்பு யார் என்றும் தீர்மானமானது. அடுத்த பத்து நிமிடத்தில் இதர பொருள்கள் முடிந்தன. நாலரைக்கு மூவர் கிளம்பினார்கள். ஐந்து பேர் மட்டும் நாலே முக்கால் வரை இருந்து, இன்னொரு தொட்டி கேட்டு எழுதும் கடிதத்தைத் தயாரித்தார்கள். மேம்பாட்டுத் திட்டத்தில் எதற்கு முன்னுரிமை என்பதை எல்லோரும் இருக்கும்போதுதான் முடிவு செய்ய வேண்டும் என்பதால் அது அடுத்த மாதத்துக்குப் போனது.

அந்தக் கேள்வியில் மூன்று விவரங்கள் இருந்தன: எந்தப் பொருளுக்கு, எத்தனை நிமிடம், அந்த நிமிடங்களில் என்ன முடிவாகும். நான்காவதாக ஒரு மாற்று வழியும் இருந்தது. மாற்று வழி இல்லாமல் கேட்டால் ‘சரி’ என்பதைத் தவிர வேறு பதில் சொல்ல வராது. 4.05க்குக் கேட்டதற்கும் காரணம் உண்டு. அப்போது கேட்டால் அவர்களால் மறுக்க முடியும். 4.29க்கு “கொஞ்சம் இருங்க” என்றால் அது கேட்பதாகாது, நிறுத்தி வைப்பது. பைகளை மடியில் எடுத்து வைத்துக்கொள்வதும், கதவோரம் நகர்ந்து உட்காருவதும் நாம் கேட்கத் தவறிவிட்டோம் என்பதன் அடையாளங்கள். ஒருவர் ஒருவராக நழுவிய பிறகு எடுக்கும் முடிவு இருந்தவர்களின் முடிவுதான், குழுவின் முடிவு ஆகாது. அதனால் நீட்டித்த நேரத்தையும், நாலரைக்குச் சென்றவர்கள் யார் என்பதையும் தீர்மானப் பதிவேட்டில் ஒரு வரியாக எழுதிவிடுகிறோம்.

குறைப்பதற்கு வேறு கணக்கு. நீட்டிப்பதைக் கூட்டத்தின் நடுவில் கேட்கலாம். குறைப்பதை முன்னதாகவே கேட்க வேண்டும். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் ரங்கநாதன் தெருக் கடைகளில் வேலை செய்யும் அம்மாக்களுக்கு ஒன்றரை மணி நேரம் கிடைக்காது. பங்குனியில் அறுபத்துமூவர் விழா நாளன்று மாட வீதிகளைக் கடந்து வருவதே பெரும்பாடு. அதுபோன்ற நேரங்களில் இரண்டு நாள் முன்பே தலைவரைக் கலந்து பேசிவிட்டு இப்படிச் செய்தி அனுப்பலாம்: “இந்த மாதம் முடிவெடுக்க வேண்டிய பொருள்கள் இரண்டுதான். ஆகவே கூட்டம் 3 மணி முதல் 3.45 வரை. வேறு பொருள் பேச வேண்டும் என்றால் நாளை மாலைக்குள் சொல்லுங்கள், நேரத்தை மாற்றிக்கொள்வோம்.” கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். இல்லையென்றால் குறைத்தது நாம் மட்டும் எடுத்த முடிவாகிவிடும்.

எதைக் குறைப்பது என்பதிலும் கவனம் வேண்டும். நாம் வாசிக்கும் அறிவிப்புகளைக் குறைக்கலாம், அவற்றை அச்சடித்துக் கையில் கொடுத்துவிடலாம். பெற்றோர் பேசும் நேரத்தைக் குறைக்கக் கூடாது. கூட்டம் தொடங்கும் முன்பே தீர்மானங்கள் பதிவேட்டில் எழுதப்பட்டுக் கையெழுத்துக்காகக் காத்திருந்தால் அங்கே குறைந்தது நேரம் அல்ல, கூட்டமே.

அடுத்த கூட்டத்துக்குப் பொருள் நிரல் தயாரிக்கும்போது ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே நிமிடக் கணக்கை எழுதிப் பாருங்கள். அந்தக் கணக்கு எழுதியிருந்தால்தான், நேரம் மீறுகிறது என்பது நாலரைக்குத் தெரியாமல் நான்கு மணிக்கே தெரியும்.