புள்ளி குறைந்த பிள்ளையும் தாயார் எழுதிய மறுமொழியும்

பிள்ளையின் படிப்பைப் பற்றி ஆசிரியர் பெற்றோருக்குக் கடிதம் எழுதுவது முன்னாளில் அரிதாகவே நிகழ்ந்தது. அக்கடிதம் வீட்டை அடையவும், அதற்கு விடை பாடசாலையை அடையவும் சில நாட்கள் சென்றன. அந்த இடைவெளியில் பெற்றோர் ஆறியமர்ந்து சிந்திக்க அவகாசம் இருந்தது. இன்றோ ஆசிரியரின் மின்னஞ்சல், மாலை வேளையில், அடுப்பில் சோறு கொதிக்கும்போதே கைத்தொலைபேசிக்கு வந்துவிடுகின்றது. விரைவாக வந்த செய்திக்கு விரைவாகவே மறுமொழி எழுதிவிடவும் மனம் உந்துகின்றது. அவ்வாறு வந்த ஒரு மின்னஞ்சலையும், அதற்கு ஒரு தாயார் விடையெழுதிய முறையையும் இன்று சிறிது விரிவாக நோக்குவோம்.

பிள்ளை எட்டாந் தரத்தில் பயிலும் சிறுவன். முதலாந் தவணைப் பரீட்சையில் கணிதத்துக்கு 71 புள்ளி பெற்றவன், இரண்டாந் தவணையில் 46 புள்ளியே பெற்றான். விஞ்ஞானத்திலும் சிறிது இறக்கம். தமிழிலும் வரலாற்றிலும் மாற்றமில்லை. கணித ஆசிரியை வியாழக்கிழமை மாலை எழுதிய மின்னஞ்சலில் இவற்றைக் குறிப்பிட்டு, மேலும் இரண்டு செய்திகளைச் சேர்த்திருந்தார். வகுப்பில் மகனுடைய கவனம் சிதறுகின்றது என்பது ஒன்று. பலமுறை அடுத்த பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதுகின்றான் என்பது மற்றொன்று. வீட்டில் கவனிக்குமாறு பணிவுடன் கேட்டு அவர் முடித்திருந்தார்.

இத்தகைய மின்னஞ்சலுக்குப் பெற்றோர் உடனே எழுதும் விடைகள் பெரும்பாலும் மூன்று வகையின. ஒரு சாரார் பிள்ளைக்காக வாதாடுவர்: சென்ற ஆண்டு வேறோர் ஆசிரியரிடம் நன்றாகப் படித்தானே என்பர், அதன் பிரதியொன்றை அதிபருக்கும் அனுப்பிவைப்பர். மற்றொரு சாரார் பிள்ளையை ஆசிரியரிடம் ஒப்புக்கொடுத்துவிடுவர்: அவன் சோம்பேறி, நீங்கள் எப்படியும் கண்டியுங்கள் என்பர். மூன்றாஞ் சாரார் நாளை முதல் தனியார் வகுப்புக்கு அனுப்புகின்றோம் என்று வாக்களிப்பர். இம்மூன்றிலும் பொதுவான குறை ஒன்றுண்டு. புள்ளி எங்கே குறைந்தது என்பதை எவருமே பார்க்கவில்லை.

இத்தாயார் அன்று இரண்டே வரிகள் எழுதினார். மின்னஞ்சல் கிடைத்தது, நன்றி; விடைத்தாளையும் கொப்பிகளையும் பார்த்தபின் சனிக்கிழமைக்குள் விரிவாக எழுதுவேன் என்பதே அவை. செய்தி சேர்ந்ததோ இல்லையோ என்ற ஐயம் ஆசிரியைக்கு நீங்கியது. தாயாருக்கு இரண்டு நாள் அவகாசம் கிடைத்தது.

வெள்ளிக்கிழமை இரவு தாயும் மகனும் விடைத்தாளை விரித்துவைத்து இருந்தனர். ஏன் குறைந்தது என்று அவர் மகனைக் கேட்கவில்லை. அந்த வினாவுக்குப் பிள்ளைகள் தெரியாது என்றே விடை கூறுவர். அது பெரும்பாலும் உண்மையுமாகும். அதற்குப் பதிலாக, இழந்த 54 புள்ளிகளையும் எண்ணி வகைப்படுத்தினார். வினாத்தாளின் முதற் பகுதியில் இரண்டு புள்ளி வீதம் 20 வினாக்கள். இரண்டாம் பகுதியில் 12 புள்ளி வீதம் ஐந்து வினாக்கள். இறுதி வினாவுக்கு விடையே எழுதப்படவில்லை. அதில் 12 புள்ளி போயிற்று. இங்குமங்குமான சிறு பிழைகளில் வேறு 12 புள்ளி. எஞ்சிய 30 புள்ளிகளும் ஒரே இடத்திற் போயிருந்தன: கழித்தற் குறி வரும் வினாக்கள். திசைகொண்ட எண்கள், அட்சரகணிதக் கோவைகள், சமன்பாடுகள் ஆகிய மூன்று பாடங்களிலும் அதே தடுமாற்றம். முதலாந் தவணையில் அவன் இழந்தவை 29 புள்ளிகள் மட்டுமே. ஆதலின், புதிதாக ஏற்பட்ட வீழ்ச்சிக்கு அந்த 30 புள்ளிகளே காரணம் என்பது தெளிவாயிற்று.

பிழைகளும் ஒரே அச்சில் வார்த்தவை போன்று இருந்தன. 9 − (4) என்பதற்கு 13 என்று எழுதியிருந்தான். 7 − (−2) என்பதற்கு 5 என்று எழுதியிருந்தான். கவனயீனத்தால் வரும் பிழை இடத்துக்கு இடம் வேறுபடும். இவையோ ஒரு விதியைப் பின்பற்றி வந்த பிழைகள்: அடைப்புக்குறிக்கு முன் கழித்தற் குறி வந்தால் கூட்டவேண்டும் என்ற தவறான விதி. இவ்விதியை அவன் எங்கே கற்றான்?

விடை கொப்பியில் இருந்தது. ஆசிரியை கரும்பலகையில் 5 − (−3) = 8 என்று எழுதிக் காட்டிய உதாரணம், மகனுடைய கொப்பியில் 5 − (3) = 8 என்று இருந்தது. அடைப்புக்குள் இருந்த சிறிய கோடு விடுபட்டிருந்தது. அதனைப் பார்த்துப் படித்த பிள்ளை அவ்விதியைத் தானே ஊகித்துக்கொண்டான். மேலும் பக்கங்களைப் புரட்டியபோது, கரும்பலகையைப் பார்த்து எழுதிய இடங்களில் 8 என்பது 3 ஆகவும், 7 என்பது 1 ஆகவும் மாறியிருந்தன. பாடநூலைப் பார்த்து வீட்டில் எழுதிய கணக்குகளில் அத்தகைய மாற்றம் ஒன்றேனும் இல்லை.

இவ்விடத்தில் ஆசிரியையின் மின்னஞ்சலைத் தாயார் மறுபடியும் வாசித்தார். அடுத்த பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதுகின்றான் என்ற வாக்கியத்துக்கு இப்போது வேறொரு பொருள் தோன்றியது. தமிழிலும் வரலாற்றிலும் ஆசிரியர்கள் குறிப்புகளை வாயாற் சொல்ல, பிள்ளைகள் கேட்டு எழுதுவர். அப்பாடங்களிற் புள்ளி குறையவில்லை. கணிதமும் விஞ்ஞானமும் கரும்பலகையைப் பெரிதும் நம்பிய பாடங்கள்.

கூடத்தின் மறுகோடியில் இருந்த நாட்காட்டியைக் காட்டி, அதிலுள்ள திகதிகளை வாசிக்குமாறு அவர் மகனிடம் கூறினார். மகன் கண்களை இடுக்கிப் பார்த்தான்; சில எண்களை மாற்றிச் சொன்னான். நான்கு அடி முன்னே வந்ததும் தடையின்றி வாசித்தான். இது மருத்துவப் பரிசோதனை அன்று. ஆயினும் மருத்துவரிடம் செல்வதற்குப் போதிய காரணம். முந்திய ஆண்டு பாடசாலையில் நடந்த மருத்துவப் பரிசோதனையில் அவனுடைய கண்ணில் குறை காணப்படவில்லை. கிட்டப்பார்வையோ வளரும் பருவத்திற் சில மாதங்களுக்குள் தோன்றிவிடக் கூடியது. அது மெல்ல மெல்ல வருவதனால் பிள்ளை அதனை உணர்வதுமில்லை. கரும்பலகை எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்றே அவன் எண்ணியிருந்தான்.

சனிக்கிழமை காலை தாயார் எழுதிய மறுமொழி இது:

"மதிப்பிற்குரிய ஆசிரியை அவர்களுக்கு, வணக்கம். மகனைக் குறித்து நேரத்தோடு அறியத் தந்தமைக்கு நன்றி. அவனோடிருந்து விடைத்தாளைப் பார்த்தேன். இழந்த 54 புள்ளிகளில் 30 கழித்தற் குறி வரும் வினாக்களில் இழந்தவை. கரும்பலகையிலிருந்து எழுதிய பக்கங்களில் சில குறிகள் விடுபட்டுள்ளன. பாடநூலிலிருந்து எழுதிய பக்கங்களில் அவ்வாறு இல்லை. அவற்றின் படங்களை இத்துடன் அனுப்புகின்றேன். தூரத்திலுள்ள எழுத்து அவனுக்குத் தெளிவில்லை என்று ஐயுறுகின்றேன். வரும் புதன்கிழமை ஆஸ்பத்திரியின் கண் சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்வேன்.

தங்களிடம் இரண்டு விடயங்களை அறிய விரும்புகின்றேன். அவன் எந்த வரிசையில் இருக்கின்றான். அந்த இடம் இவ்வாண்டில் மாறியதா? இறுதி வினாவை அவன் விட்டது நேரம் போதாமையாலா, அல்லது அப்பாடம் விளங்காமையாலா? கண் பரிசோதனை முடியும்வரை அவனை முன் வரிசையில் இருத்த இயலுமாயின் உதவியாயிருக்கும். நாளாந்தம் இருபது நிமிடம், பாடநூலிலுள்ள திசைகொண்ட எண்கள் பயிற்சியை என் முன்னிலையிற் செய்விப்பேன். இரண்டு வாரத்தின் பின் அவன் நிலை பற்றித் தாங்கள் ஓரிரு வரி எழுதினால் மகிழ்வேன். இக்கடிதத்தை மகனும் வாசித்துள்ளான்."

இம்மறுமொழியில் அமைந்துள்ள ஒழுங்கைக் கவனித்தல் வேண்டும். ஆசிரியை காணமுடியாத வீட்டுச் செய்தியைத் தாயார் கொடுத்தார். தாம் காணமுடியாத வகுப்புச் செய்தியைக் கேட்டார். கேட்ட வினாக்கள் இரண்டே. இரண்டும் ஒரு வரியில் விடை சொல்லக் கூடியவை. தம் மகன் கவனமற்றவன் அல்லன் என்று அவர் மறுக்கவில்லை. கொப்பிப் பக்கங்களை முன்வைத்து, முடிவை ஆசிரியையிடமே விட்டார். கண் குறை என்பதை ஐயமாகவே கூறினார். தாம் செய்யப்போவதற்கு நாளும் அளவும் குறித்தார். முழு மூச்சாகப் படிப்பிப்பேன் என்று எழுதியிருந்தால் அது நிறைவேறியதா என்பதை எவராலும் அறிய முடியாது. இருபது நிமிடம் என்பதை அறியலாம். மகன் கடிதத்தை வாசித்தமையால், தனக்குப் பின்னால் தன்னைப் பற்றிப் பேசுகின்றனர் என்ற எண்ணம் அவனுக்கு ஏற்படவில்லை.

திங்கட்கிழமை ஆசிரியையின் விடை வந்தது. இரண்டாந் தவணைத் தொடக்கத்தில் பிள்ளைகளை உயரத்தின்படி மாற்றி இருத்தியதில், வளர்ந்துவிட்ட இச்சிறுவன் இரண்டாம் வரிசையிலிருந்து பின் வரிசைக்குச் சென்றிருந்தான். அன்றே அவனை முன்னே இருத்தியதாகவும், இறுதி வினாவுக்கு நேரம் போதவில்லை என்று அவனே கூறியதாகவும் எழுதியிருந்தார். புதன்கிழமை கண் மருத்துவர் கிட்டப்பார்வையை உறுதிசெய்து மூக்குக் கண்ணாடிக்கு எழுதிக் கொடுத்தார்.

ஆயினும் கண்ணாடி அணிந்ததும் புள்ளி ஏறிவிடவில்லை. கண்ணாடி இனி வரும் பாடத்தைக் காட்டுமே தவிர, தவறாகப் பதிந்த விதியை அழிக்காது. 9 − (4) என்பதற்கு அவன் மேலும் பத்து நாட்கள் 13 என்றே எழுதினான். எண்கோட்டில் வலமும் இடமுமாக விரலை நகர்த்திப் பழகிய பின்னரே அப்பிழை விலகிற்று. மூன்றாந் தவணையில் அவன் பெற்றது 63. முன்னைய 71 ஐ அது எட்டவில்லை; எனினும் கழித்தற் குறி வினாக்களில் அவன் இழந்தது ஆறு புள்ளி மட்டுமே.

புள்ளி குறையும் பிள்ளைகள் எல்லோருக்கும் கண்ணிற் குறை என்று கொள்ளலாகாது. வாயாற் சொல்லி எழுதுவிக்கும் பாடங்களிலும் ஒருங்கே குறைந்திருந்தால், நித்திரை, நோய், வகுப்பில் எவரேனும் துன்புறுத்துதல் முதலியவற்றை விசாரித்தல் வேண்டும். வகுப்பு முழுவதுக்கும் அவ்வாறே குறைந்திருந்தால் வினாத்தாள் கடினமானதாக இருந்திருக்கலாம். வகுப்பின் சராசரிப் புள்ளியை ஆசிரியரிடம் கேட்டால் அது தெரிந்துவிடும். குடும்பத்துள் நிகழ்ந்த துயரம் காரணமாயின் அதனை மின்னஞ்சலில் எழுதாது, நேரிற் சந்திக்க ஒரு நேரம் கேட்பதே தக்கது. எழுத்தில் அனுப்பியது எவர் கையிலும் சேரக்கூடும். காரணம் எதுவாயினும் தேடல் தொடங்கும் இடம் ஒன்றே: திருத்தப்பட்டு வீட்டுக்கு வந்த விடைத்தாள். இத்தாயார் அதனை எண்ணிப் பார்க்கச் செலவிட்டது வெள்ளிக்கிழமை இரவில் ஒரு மணி நேரம்.