கிளாட் பொது அறிவு: தினமும் ஒரு செய்தி, நாலு கேள்வி

கிளாட் தேர்வுல 120 கேள்விகள்ல 28 முதல் 32 வரை பொது அறிவும் நடப்பு நிகழ்வுகளும்தான். பத்தி கொடுத்துதான் கேட்பாங்க. ஆனா விடை பெரும்பாலும் பத்திக்கு வெளியில இருக்கும். அதனால என் தங்கச்சிக்கு நான் போட்டுக் கொடுத்த பழக்கம்: தினமும் ஒரு செய்தி, அதன் பின்னணியில நாலு கேள்வி.

உதாரணத்துக்கு, தேர்தல் பத்திரத் திட்டத்தை 2024 பிப்ரவரி 15-ல உச்ச நீதிமன்றம் ரத்து செஞ்சது. எத்தனை நீதிபதிகள்? ஐந்து. எந்தப் பிரிவை மீறுது? 19(1)(அ). பத்திரம் வித்த வங்கி? பாரத ஸ்டேட் வங்கி. திட்டம் வந்த ஆண்டு? 2018.

மறுநாள் காலையில நோட்டைத் திறக்காம நாலுக்கும் பதில் சொல்லணும். தீர்ப்பு வந்த தேதி மட்டும் ஞாபகம் இருந்தா, தலைப்பைத்தான் படிச்சிருக்கோம்னு அர்த்தம். வராத கேள்வியை அன்னைக்கு நோட்டுல மறுபடி எழுதுங்க. தப்பான விடைக்கு 0.25 மதிப்பெண் கழியும். அரைகுறை ஞாபகம் அங்கதான் அடி வாங்கும்.